பள்ளித் தளத்தில் குழந்தைகள் படம்: அட்மிஷன் ஃபாரத்துக் கையெழுத்து போதுமா?

கணக்கு டீச்சர்
எங்கள் பள்ளியின் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ்தான். ஆண்டு விழாவில் எடுத்த 340 படங்கள் கையில் இருக்கின்றன, இந்த வாரமே ஏற்றச் சொல்கிறார் தாளாளர். அட்மிஷன் ஃபாரத்தின் கடைசியில் "பள்ளியின் விளம்பரத்துக்கு என் பிள்ளையின் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி உண்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நேற்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா வந்து, மகள் படம் எங்கேயும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. கையெழுத்து இருக்கிறதே, ஏற்றலாமா? அந்தப் பெண் குழு நடனத்தில் நடு வரிசையில் நிற்கிறாள்.

வடக்கு ரதவீதி
டீச்சர், நான் 18 வருடமாக ஒரு சின்ன நர்சரி, பிரைமரி பள்ளி நடத்துகிறேன். கையெழுத்து இருந்தால் ஏற்றலாம். அந்த ஒரு பிள்ளையின் தனிப்படத்தை மட்டும் விட்டுவிடுங்கள், குழுப்படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவர் வேண்டாம் என்பதற்காக முப்பது பிள்ளைகளின் நடனத்தை மறைக்க முடியாது. எங்கள் ஊரில் பல வீடுகளில் பிள்ளையை நல்ல கேமராவில் எடுத்த படம் என்றால் அது பள்ளி எடுத்ததுதான். அதைத் தளத்தில் பார்த்துவிட்டு அம்மாக்கள் போன் செய்து சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அட்மிஷனுக்கும் அதுதான் உதவுகிறது, மறைக்க மாட்டேன். பக்கத்துப் பள்ளித் தளத்தில் சிரித்த முகங்கள், எங்கள் தளத்தில் வெறும் கட்டடம் என்றால் யார் வருவார்கள்?

கடலோரக் காற்று
ஐயா, காரணம் சொல்லாத அந்த அம்மாவின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவரைப் பிரிந்தபோது பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். ஊர் மாறினேன், பள்ளி மாறினேன். அட்மிஷன் ஃபாரத்தில் 14 இடத்தில் கையெழுத்து, அதில் ஒன்று இந்த வரி. படிக்கவில்லை. படித்திருந்தாலும் அன்றைக்கு அதை அடித்துவிட்டுக் கொடுக்கும் தைரியம் எனக்கு இருந்திருக்காது, சீட் கிடைத்ததே பெரிது. விளையாட்டு விழாவில் மகள் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். முழுப்பெயர், வகுப்பு, பிரிவு, கையில் கோப்பை, பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை. எல்லாம் ஒரே படத்தில். அவள் பெயரை கூகுளில் தேடினால் முதலில் வந்தது அதுதான். மூன்றாவது வாரம் மாலை மூன்றே முக்காலுக்கு அவர் பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை, வாட்ச்மேன் அண்ணன் பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பள்ளியையும் விட்டோம். படத்தை எடுத்துவிட்டதாக ஆபீஸில் சொன்னார்கள். பக்கத்தில் இல்லைதான், ஆனால் கூகுள் படத் தேடலில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. தொட்டால் பெரிதாகத் திறந்தது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். காரணத்தைக் கேட்காதீர்கள். ஆபீஸ் வாசலில் நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல எந்த அம்மாவுக்கும் வாய் வராது.

சட்டம் படித்தவன்
அக்கா சொன்னது வருத்தமான விஷயம். ஆனால் சட்டப்படி பார்த்தால் பள்ளிக்குச் சிக்கல் இல்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகளில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆகவே பள்ளிகளுக்கு இது பொருந்தாது. டீச்சர் தாராளமாக ஏற்றலாம்.

பழைய கேமரா
தம்பி, பாதி சரி. விலக்கு இருக்கிறது, ஆனால் எதற்கு என்று படித்துப் பாருங்கள். கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் அவர்களைக் கண்காணிப்பதற்கு மட்டும்தான் அந்த விலக்கு. வருகைப்பதிவு, படிப்பில் எப்படிப் போகிறார்கள் என்று பார்ப்பது மாதிரி வேலைகள் அதில் அடங்கும். ஆண்டு விழா நடனத்தை ஊரே பார்க்கத் தளத்தில் போடுவது அதில் வராது. அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இந்தக் கடமைகள் முழுதாக நடைமுறைக்கு வர விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரை. பிள்ளைகள் விஷயத்தில் மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். அவ்வளவு பெரிய தொகை சின்னப் பள்ளி மீது விழும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் "பொருந்தாது" என்று நினைத்துக்கொண்டு டீச்சர் வேலை செய்யக் கூடாது.

அட்மிஷன் ஃபாரத்து வரிக்கு வருகிறேன். சம்மதம் நிபந்தனை இல்லாமல், எதற்கென்று குறிப்பிட்டு, விவரம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சீட்டோடு சேர்த்து வாங்கிய கையெழுத்து, "விளம்பரம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தளம், பேஸ்புக், நாளிதழ், பஸ் ஸ்டாண்டு பிளக்ஸ் எல்லாவற்றையும் அடக்கிய கையெழுத்து, இந்த மூன்றிலும் நிற்காது. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த அம்மா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனது அதுதான். அந்த நிமிடத்தோடு பழைய கையெழுத்து அவருக்கு முடிந்துவிட்டது. மற்றவர்களிடமும் படத்துக்கென்று தனிப் படிவம் புதிதாக வாங்குவதுதான் சரி.

நான் வக்கீல் இல்லை. 22 வருடம் பள்ளி விழாக்களுக்குப் படம் எடுத்தவன், அதில் 9 வருடம் மூன்று பள்ளிகளின் தளங்களையும் பார்த்துக்கொண்டவன். இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அடிபட்டுக் கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது, அதைத்தான் சொல்ல முடியும்.

சட்டம் படித்தவன்
கண்காணிப்புக்கு மட்டும்தான் என்ற வார்த்தையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். பெற்றோர்தான் கையெழுத்துப் போட்டார் என்பதைச் சரிபார்க்க வேண்டும் என்றும் விதி சொல்கிறதே, கிராமத்துப் பள்ளி அதற்கு எங்கே போகும்?

பழைய கேமரா
அது பள்ளிக்குத்தான் மிக எளிது. பெற்றோர் யார் என்பதற்கான நம்பகமான விவரம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துச் சரிபார்க்கலாம் என்று விதியே சொல்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன, வகுப்பாசிரியருக்கு முகம் தெரியும். முகம் தெரியாத செயலி நடத்துபவர்களுக்குத்தான் அது தலைவலி.

புதுசா வந்தவன்
340 படம் என்றால் இடம் நிறையப் பிடிக்குமே. எங்கள் தளத்தில் ஹோஸ்டிங் 1 ஜிபிதான். படங்களை எப்படிச் சுருக்கி ஏற்றுவது என்று யாராவது சொல்லுங்கள். தரம் குறையக் கூடாது.

பழைய கேமரா
தம்பி, டீச்சர் கேட்டது அது இல்லை. ஆனாலும் நல்ல இடத்தில் கேட்டீர்கள், தரம் குறைய வேண்டும் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும். அதில் பெயர், வகுப்பு, அப்பா பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, ரத்த வகை வரை அச்சடித்திருப்பார்கள். மூன்று பிள்ளைகள் பரிசோடு நெருங்கி நிற்கிறார்கள், படத்தின் அகலத்தில் சுமார் 1.2 மீட்டர் இடம் விழுகிறது என்று வையுங்கள். இப்போதைய சாதாரண போன் படமே 4000 புள்ளி, அதாவது பிக்சல், அகலம். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று புள்ளிக்குக் கொஞ்சம் மேல். ஐடி கார்டில் உள்ள எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரம் என்றால் அது 8 புள்ளி உயரத்தில் விழும். விரலால் பெரிதாக்கினால் போன் நம்பரைப் படித்துவிடலாம். இதே படத்தை 1200 புள்ளி அகலத்துக்குச் சுருக்குங்கள், எழுத்து இரண்டரைப் புள்ளிக்கு இறங்கிவிடும், வெறும் சாம்பல் கோடு. பிள்ளையின் சிரிப்பு அப்படியே இருக்கும், போன் நம்பர் போய்விடும். பத்துப் பேர் வரிசையாக நான்கு மீட்டரில் நிற்கும் படத்தில் மூலப்படத்திலேயே படிக்க முடியாது. ஆக, ஆபத்து கிட்டத்தில் எடுத்த பரிசுப் படங்களில்தான். நான் இப்போதெல்லாம் மேடைக்குப் பின்னாலேயே "கார்டைச் சட்டைக்குள் போடு கண்ணு" என்று சொல்லிவிடுவேன்.

சுருக்குவதை உங்கள் கணினியில் செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தளம் சுருக்கிக்கொள்ளும் என்று விடாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அளவுகளில் சிறிய படம் செய்து பக்கத்தில் அதைத்தான் காட்டும், ஆனால் நீங்கள் ஏற்றிய பெரிய மூலப்படம் அதே கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் உள்ள படத்தைத் தனித் தாவலில் திறந்தால் முகவரி இப்படி முடியும்:

```
/wp-content/uploads/2025/02/vizha-112-1024x768.jpg
```

இதில் `-1024x768` என்ற பகுதியை மட்டும் அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். ஐடி கார்டோடு முழுப் படம் திறந்தால், அது உலகத்துக்கே திறக்கிறது.

கணக்கு டீச்சர்
இப்போதுதான் எங்கள் போன வருடப் படம் ஒன்றில் செய்து பார்த்தேன். திறக்கிறது. ஒரு பையனின் அப்பா நம்பர் எட்டு இலக்கம் வரை தெளிவாகத் தெரிகிறது. கை நடுங்குகிறது ஐயா. இதை உடனே எப்படி எடுப்பது? பக்கத்திலிருந்து நீக்கினால் போதுமா?

பழைய கேமரா
போதாது டீச்சர். கடலோரக் காற்று அம்மாவுக்கு நடந்தது அதேதான், யாரோ பக்கத்தைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று போயிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது படத்தைக் காட்டும் ஒரு வரிதான், படம் மீடியா நூலகத்தில் இருக்கிறது. அங்கே போய் அந்தப் படத்தில் "Delete permanently" கொடுத்தால்தான் மூலமும் சிறிய அளவுகளும் சேர்ந்து அழியும். அழித்ததும் அதே முகவரியை மறுபடி தட்டிப் பாருங்கள், அப்படி ஒன்று இல்லை என்ற 404 வர வேண்டும். வராமல் படமே வந்தால் தளத்தின் கேஷ், அதாவது தற்காலிகச் சேமிப்பு, ஒரு பிரதி வைத்திருக்கிறது, அதையும் காலி செய்யுங்கள்.

அடுத்தது கூகுள். மூலம் அழிந்த பிறகும் தேடலில் கொஞ்ச நாள் படம் நிற்கும். "Refresh Outdated Content" என்ற கூகுளின் பக்கத்தில் படத்தின் முகவரியைக் கொடுத்தால் விரைவில் போகும். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், தளத்தின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பள்ளி அழிக்க மறுத்தால்? 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் படத்தைத் தேடலிலிருந்து எடுக்கப் பெற்றோரே கேட்கலாம், அந்த வழியை கூகுள் 2021இல் திறந்தது. ஆனால் அது தேடலிலிருந்து மட்டும்தான் எடுக்கும், தளத்தில் படம் இருந்துகொண்டே இருக்கும்.

பேஸ்புக் பக்கத்திலும் அதே படத்தைப் பகிர்ந்திருந்தால் அது வேறு பிரதி, அதைத் தனியாக அழிக்க வேண்டும். யாராவது இறக்கி வைத்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது.

கடலோரக் காற்று
பெற்றோரே கேட்கலாம் என்று அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

விசைப்பலகை
இவ்வளவு கஷ்டம் எதற்கு? ரைட் கிளிக் செய்ய முடியாதபடி ஒரு பிளகின் போட்டுவிடுங்கள். robots.txt கோப்பில் uploads கோப்புறையைத் தடுத்துவிடுங்கள். கூகுளில் வராது, யாரும் இறக்கவும் முடியாது. எங்கள் கம்பெனித் தளத்தில் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

பழைய கேமரா
ரைட் கிளிக்கைத் தடுத்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார்கள், போனில் அதற்கு இரண்டு பொத்தான் போதும். robots.txt பற்றிச் சொன்னது உதவும்தான், கூகுள் படத் தேடலுக்குள் புதுப் படங்கள் போவது குறையும். பெயரைத் தேடினால் படம் வந்ததே, கடலோரக் காற்று அம்மாவுக்கு நடந்த அந்த விஷயத்தில் அது கொஞ்சம் காப்பாற்றியிருக்கும். ஆனால் அது கதவில் ஒட்டிய "உள்ளே வராதீர்" சீட்டு. மதிக்கிறவர் மதிப்பார். பூட்டு வேண்டும் என்றால் பெற்றோருக்கு மட்டும் கடவுச்சொல் கொடுத்த பக்கம் வேண்டும். அதிலும் வேர்ட்பிரஸ் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டால் பக்கம்தான் பூட்டப்படும், படத்தின் நேரடி முகவரி தெரிந்தவருக்குப் படம் திறக்கும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

துபாய் அப்பா
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் யூ.கே.ஜி.யில் மாறுவேடப் போட்டியில் பாரதியார் வேடம் போட்டதை நான் பள்ளித் தளத்தில்தான் பார்த்தேன். முண்டாசு ஒரு பக்கம் சரிந்து கண்ணை மறைத்திருந்தது, மீசை வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது. கேம்ப்பில் எல்லாருக்கும் காட்டினேன். அந்தப் படம் இன்னும் என் போனில் முகப்பில் இருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி எல்லாரும் பயந்து படம் போடுவதையே நிறுத்திவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது? வீட்டில் மனைவியிடம் பழைய போன்தான், விழாவுக்குப் போனால் கூட்டத்தில் முதுகுதான் வரும்.

வடக்கு ரதவீதி
நான் சொல்ல வந்தது இதுதான். இந்த மனிதருக்கு என்ன பதில்?

பழைய கேமரா
துபாய் தம்பிக்குப் படம் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். அது ஊருக்கெல்லாம் திறந்த தளத்தின் வழியாகத்தான் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு பள்ளியில் இப்படிச் செய்தோம். விழா முடிந்த வாரம் அந்தந்த வகுப்பின் படங்களை அந்த வகுப்புப் பெற்றோருக்கு மட்டும் இணைப்பாக அனுப்பினோம், 30 நாளில் எடுத்துவிடுவோம், அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம். அதிலும் வேண்டாம் என்றவர்களின் பிள்ளை இருக்கும் படங்கள் கிடையாது. தளத்தில் 20, 25 படம் மட்டும் போட்டோம், அதுவும் பெயர் இல்லாமல். வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்குத் தளத்தைவிடப் பெரிய படமே கிடைத்தது.

வடக்கு ரதவீதி
பெயர் இல்லாமல் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பரிசு வாங்கிய பிள்ளைக்குப் பெயர் போடாவிட்டால் அது என்ன பாராட்டு? கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பெண் மாவட்ட அளவில் பேச்சுப் போட்டியில் ஜெயிக்கிறாள். "ஒரு மாணவி பரிசு பெற்றார்" என்று போட்டால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்?

பழைய கேமரா
நியாயமான கேள்வி, இதில் எனக்கே முழுத் திருப்தியான பதில் இல்லை. நான் பின்பற்றுவது, முகம் தெரியும் படத்தில் பெயர் இல்லை, பெயர் இருக்கும் செய்தியில் முகம் இல்லை. பரிசுப் பட்டியலில் பெயரைப் போடுகிறேன். படத்தில் "ஆறாம் வகுப்பு மாணவி, பேச்சுப் போட்டி" என்று மட்டும் போடுகிறேன். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்று வீட்டில் விரும்பினால் அந்த ஒரு படத்துக்குத் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள், கேட்பதற்கு ஒரு போன் கால்தான்.

பெயரை எடுத்துவிட்டேன் என்று நினைப்பவர்கள் ஒரு இடத்தில் கோட்டை விடுவார்கள். கோப்பின் பெயர். `yazhini-6b-first-prize.jpg` என்று ஆசிரியர் அனுப்பியிருப்பார், அப்படியே ஏற்றிவிடுவோம். கூகுள் அதைப் படிக்கும். அதனால் எல்லாவற்றையும் `vizha-001` என்று மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

சட்டம் படித்தவன்
படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகி இருக்கும் என்கிறார்களே, அதுதான் பெரிய ஆபத்து இல்லையா?

பழைய கேமரா
பள்ளியில் எடுத்த படத்துக்கு அது பெரிய விஷயம் இல்லை. பள்ளியின் முகவரி தளத்திலேயே இருக்கிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "வீட்டில் போட்ட பொங்கல் கோலத்தோடு பிள்ளையைப் படம் எடுத்து அனுப்புங்கள், தளத்தில் போடுகிறோம்" என்று டீச்சர் கேட்பார். போன் கேமராவில் இடக்குறிப்பு ஆன் ஆகியிருந்தால் அந்தப் படத்துக்குள் இருப்பது வீட்டு வாசலின் இடம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். டாக்குமென்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் அப்படியே வரும். அதனால் நான் ஏற்றும் முன், படத்துக்குள் இருக்கும் குறிப்புகளை அழிக்க, எல்லாப் படத்துக்கும் exiftool என்ற மென்பொருளில் இதை ஓட்டிவிடுவேன்:

```
exiftool -all= -tagsfromfile @ -Orientation -ICC_Profile -overwrite_original *.jpg
```

வெறும் `-all=` மட்டும் கொடுத்து ஒருமுறை 90 படம் படுத்துக்கொண்டது, நிற்கும் பிள்ளைகள் எல்லாம் பக்கவாட்டில். படம் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்ற குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடும், அதனால்தான் அதையும் நிறக் குறிப்பையும் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறது பின்பாதி. மூலப்படத்தின் மேல் ஓட்டாதீர்கள், நகலின் மேல் ஓட்டுங்கள்.

கணக்கு டீச்சர்
நடு வரிசையில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். முகத்தை மட்டும் மங்கலாக்கி நடனப் படத்தைப் போட்டுவிடலாமா?

கடலோரக் காற்று
வேண்டாம் டீச்சர். என் மகளுக்கு அப்படி ஒருமுறை செய்தார்கள். முப்பது முகத்தில் ஒரு முகம் மட்டும் மங்கல். "உனக்கு மட்டும் ஏன் அப்படி" என்று வகுப்பே கேட்டது. அவள் என்னிடம் வந்து, நான் என்னம்மா தப்புச் செய்தேன் என்றாள்.

பழைய கேமரா
உடை, உயரம், நிற்கும் இடம் தெரிந்தவருக்கு மங்கலாக்கினாலும் அடையாளம் தெரியும். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். ஒரே நடனத்துக்கு நீங்கள் பத்துப் பதினைந்து எடுத்திருப்பீர்கள், அவள் கையால் முகம் மறைந்தது, பக்கம் திரும்பியது, முன்வரிசை மட்டும் விழுந்தது என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அடுத்த விழாவுக்கு முன்கூட்டியே வேலை செய்யலாம். வேண்டாம் என்றவர்கள் பட்டியல் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டால், மேடையில் எல்லாரையும் வைத்து ஒன்று, வரிசையை மாற்றி ஒன்று என இரண்டு எடுத்துக்கொள்வேன். யாரையும் "நீ தள்ளி நில்" என்று சொல்ல வேண்டியிருக்காது. பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. சில பள்ளிகளில் அந்தப் பிள்ளைகளின் கார்டில் சிவப்புப் பொட்டு ஒட்டுகிறார்கள், அது தவறு, ஊருக்கே அடையாளம் காட்டுவது போல. பட்டியல் வகுப்பாசிரியர் பையில் இருந்தால் போதும்.

வடக்கு ரதவீதி
சரி, படத்தை விட்டுவிடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடலோரக் காற்று அம்மா எழுதியதைப் படித்தபின் குழுப்படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னது தவறு. ஆனால் புதிதாகத் தனிப் படிவம் என்கிறீர்களே, அதில் என் அனுபவத்தைக் கேளுங்கள். சுற்றறிக்கை அனுப்பினால் பாதிதான் திரும்பி வரும். மீதி பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். வராததெல்லாம் "வேண்டாம்" என்று எடுத்தால் பாதி வகுப்பைக் காணோம். "வேண்டாம் என்றால் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சம்மதம்" என்று வைத்தால்தான் நடைமுறைக்கு வரும்.

பழைய கேமரா
வராத படிவம் சம்மதம் ஆகாது ஐயா, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் மௌனத்தைச் சம்மதமாக எடுப்பதாக ஆகிவிடும். ஆனால் சுற்றறிக்கையாக அனுப்பாதீர்கள். ரேங்க் கார்டு வாங்க வருவார்களே, அன்றைக்கு வகுப்பாசிரியர் மேசையிலேயே வைத்து, தமிழில் அரைப்பக்கம், வாயால் சொல்லி வாங்குங்கள். பள்ளித் தளம், பேஸ்புக், நாளிதழ், வகுப்புப் பெற்றோருக்கு மட்டும் என்று நான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. கீழே, இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்ற எந்த நம்பருக்குச் சொல்ல வேண்டும், "இல்லை" என்பதால் பிள்ளைக்கு எதுவும் குறையாது. அவ்வளவுதான். நாங்கள் அப்படி வாங்கியபோது வகுப்புக்கு மூன்று நான்கு பேர் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள். தளம் வேண்டாம், பெற்றோருக்கு மட்டும் சரி என்றவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

வடக்கு ரதவீதி
ரேங்க் கார்டு நாள் யோசனை நல்லது, செய்து பார்க்கிறேன். மௌனம் பற்றி நான் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

பிளஸ் ஒன் படிக்கிறேன்
எல்லாரும் அம்மா அப்பா கையெழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நான் நாடகத்தில் பெண் வேடம் போட்டேன். எனக்குப் பிடித்துத்தான் போட்டேன். அப்பா சம்மதம் கொடுத்தார், படம் பள்ளித் தளத்தில் வந்தது. சீனியர்கள் அதை எடுத்து ஸ்டிக்கராக்கி எல்லா குரூப்பிலும் விட்டார்கள். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் வருகிறது. எடுக்கச் சொல்லி ஆபீஸில் கேட்டேன், பெற்றோரை அழைத்து வா என்றார்கள். அப்பாவிடம் சொன்னால், நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு எடுக்க வேண்டும் என்கிறார். முகம் என்னுடையது.

சட்டம் படித்தவன்
சட்டப்படி 18 வயது வரை பெற்றோர்தான் தம்பி. ஆனால் படிக்கும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

வடக்கு ரதவீதி
ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்க ஆரம்பித்தால் பள்ளி நடத்த முடியாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழைய கேமரா
எல்.கே.ஜி. பிள்ளையிடம் கேட்க முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கேட்கலாம். படிவத்தில் அவனுக்கு ஒரு வரி விட்டால் போதும். பெற்றோர் ஆம், பிள்ளை இல்லை என்றால் நான் போட மாட்டேன். போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தம்பி, உன் வகுப்பாசிரியரிடம் இதை எழுதிக் கொடு. பெற்றோரை அழைத்து வராமலே ஒரு படத்தை எடுக்க பள்ளிக்கு அதிகாரம் இருக்கிறது.

கணக்கு டீச்சர்
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். போன வருடப் படங்களில் கார்டு தெரிகிற 41 படங்களை மீடியா நூலகத்திலிருந்தே அழித்துவிட்டேன், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், 404 வருகிறது. அதில் இரண்டு இன்னும் கூகுளில் தெரிகின்றன, கோரிக்கை கொடுத்திருக்கிறேன். இந்த வருட 340 படங்களில் 26 மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், 1200 புள்ளி, பெயர் இல்லை, அந்தப் பெண் எதிலும் இல்லை. அவள் அம்மாவுக்கு போன் செய்து இதை மட்டும் சொன்னேன், காரணம் கேட்கவில்லை. சரிங்க டீச்சர் என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. அந்த 26 படங்களில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவேன் என்று தாளாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் தந்திருக்கிறார்.

இன்னொன்று மீதி இருக்கிறது. 2016லிருந்து கிடக்கும் பழைய ஆல்பங்களில் ஆயிரக்கணக்கான படங்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது 18 தாண்டிக் கல்லூரியில் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. மொத்தமாக அழித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய மாணவர்கள் குழு, அது எங்கள் பள்ளி நாள்கள், தொடாதீர்கள் என்கிறது. யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா?